கடன் கிடையாது, சரக்கு உண்டு

மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே 'கடன் அன்பை முறிக்கும்' என்று ஒரு அட்டை தொங்கினால் போதும், கேட்க வந்தவர் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவார். மொத்த வியாபாரத்தில் அந்த வசதி இல்லை. கேட்பவர் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அவர் முகம் நமக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் கேட்டார், அனுப்பினோம், ஆர்டரும் வந்துவிட்டது. கடைசி வரியில் மட்டும் 'பில்லுக்கு 30 நாள் டைம் வேணும்' என்று இருக்கிறது. சரக்கு விற்க வேண்டும், பணமும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு வரிக்கு என்ன பதில் எழுதுவது?

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். விற்பவர் ஈரோட்டில் போர்வை, துண்டு தறி போட்டு மொத்த விலைக்கு விற்பவர். வாங்க வருபவர் தேனியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், இருவருக்கும் இதுவே முதல் தொடர்பு. தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கிறது. பெட்ஷீட் 200, ஒன்று ரூ.320. துண்டு 300, ஒன்று ரூ.60. ஆக ரூ.82,000. அதோடு 5 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.4,100 சேர்ந்தால் பில் தொகை ரூ.86,100.

ஈரோட்டுக்காரர் கைக்கு வரும் முதல் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "புது பார்ட்டிக்குக் கடன் இல்லீங்க. பணம் போட்டா சரக்கு வரும்." சொன்னது உண்மை, கொள்கையும் சரி. ஆனால் இதைப் படிக்கும் தேனிக்காரர், தான் கேட்டதற்காகவே தன்னை மட்டமாக எடை போட்டுவிட்டதாக நினைப்பார். ஜவுளிக்கடைக்காரர் 30 நாள் கேட்பது அவர் தொழிலில் தினசரிப் பேச்சு. கேட்டதில் தப்பில்லை.

இந்தக் கடுமையை உணர்ந்தவுடன் பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க, இப்ப கொஞ்சம் பணம் டைட்டா இருக்குது, நூல் விலை வேற ஏறிப்போச்சு, ஒரு ரெண்டு நாள்ல பார்த்துச் சொல்றேனுங்க." இது முதல் பதிலைவிட மோசம் என்பது என் கருத்து. இல்லை என்று சொல்லவும் இல்லை, வழி காட்டவும் இல்லை. போதாததற்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டது. காரணம் கொடுத்தால் அந்தக் காரணத்துக்குப் பதில் வரும். பணம் டைட் என்றால், "அப்ப அடுத்த மாசம் தருவீங்களா?" என்பார். நூல் விலை என்றால், "பீஸுக்கு 5 ரூபா கூடப் போட்டுக்குங்க, டைம் மட்டும் கொடுங்க" என்பார். அப்புறம் அதையும் மறுக்க இன்னொரு காரணம் தேட வேண்டும். புதிதாக அறிமுகமானவரிடம், நம் கையில் பணமில்லை என்ற செய்தியும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பதிலைத் திருத்த உட்காரும் முன் தேனிக்காரர் ஏன் 30 நாள் கேட்கிறார் என்று யோசிக்க வேண்டும். கையில் காசில்லாததால் கேட்கிறார் என்றுதான் விற்பவருக்குத் தோன்றும். பாதி நேரம் அது காரணமில்லை. அவருக்கும் ஈரோட்டுக்காரர் புதியவர்தான். படத்தில் பார்த்த பெட்ஷீட் கைக்கு வரும்போது எடை குறைந்திருக்கலாம், சாயம் போகலாம், 200-க்கு 190 வரலாம். பணத்தைக் கையில் வைத்திருந்தால், சரக்கில் கோளாறு வந்தால் பிடித்துக்கொள்ளலாம். கடன் என்பது அவருக்கு ஒரு பிடிமானம். அதை எடுத்துவிட்டு வேறொன்றும் கொடுக்காமல் "பணம் போடுங்க" என்றால், பயம் முழுவதையும் அவர் பக்கம் தள்ளிவிட்டதாக ஆகிறது. ஆகவே நல்ல பதில் இரண்டு பயத்துக்கும் மருந்து சொல்ல வேண்டும்.

விற்பவரின் பயம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் அட்வான்ஸ் எவ்வளவு கேட்பது என்று தெரியும். இந்தச் சரக்கில் செலவெல்லாம் போக 8 சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரூ.82,000-க்கு ஏறக்குறைய ரூ.6,500. பணம் வராமலே போனால், அந்த ரூ.86,100-ஐ ஈடுகட்ட இன்னும் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு விற்றாக வேண்டும். வரியும் காத்திருக்காது. அக்டோபர் 3-ம் தேதி பில் போட்டால், மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர் அந்த ரூ.4,100-ஐ நவம்பர் 20-க்குள் கட்டியாக வேண்டும். தேனியிலிருந்து பணம் வந்ததா என்று அரசாங்கம் கேட்பதில்லை.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரிய கம்பெனியிடம் இது பலிக்கும். ஒற்றைக் கடை வைத்திருப்பவரிடம் ரூ.86,000-க்காக மனு எழுதி அலைவது வேறு கதை.

இதற்கு நேர்மாறாக, சரக்கைக் கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொண்டால் என்ன நஷ்டம்? தேனி வரை போன பார்சலை அவர் எடுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். போக வர லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, பேக்கிங், பார்சல் ஆபீஸில் கிடந்த நாட்களுக்கு வாடகை எல்லாம் சேர்த்து ஒரு ஆறாயிரம் என்று வைப்போம். அதைவிடப் பெரிய நஷ்டம், தீபாவளி சீசனில் 15 நாள் அந்தச் சரக்கு வேறு கடைக்குப் போகாமல் முடங்கியது. இந்த இரண்டையும் மூடும் அளவுக்கு அட்வான்ஸ் இருந்தால் போதும். கால்வாசி கேட்டால் ரூ.21,525 வருகிறது. மீதி முழு எண்ணாக இருக்கட்டும் என்று ரூ.21,100 கேட்டால், பாக்கி ரூ.65,000. பாதிப்பணம் கேட்க வேண்டியது, அவர் கடைப்பெயரைப் போட்டு லேபிள் தைக்கச் சொன்னாலோ, அவர் சொன்ன நிறத்தில் சாயம் போடச் சொன்னாலோதான். அந்தச் சரக்கு திரும்பி வந்தால் வேறு யாருக்கும் விற்க முடியாது. சாதாரணச் சரக்குக்குப் பாதி கேட்டால் புது ஆள் பயந்து ஒதுங்கிவிடுவார்.

இன்னொரு வேலையும் பதில் எழுதுமுன்பே முடியும். அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்ப்பது. 15 எழுத்துள்ள அந்த எண் தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும். பதிவு செய்த பெயர், பதிவு தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா, மாதக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்கிறாரா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். 20 வருஷக் கடை என்று சொன்னவரின் பதிவு போன மாதம்தான் எடுத்தது என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். புதிதாகக் கடை போட்டவர்களுக்கும் பதிவு புதிதாகத்தான் இருக்கும் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டியதில்லை. பார்த்ததைப் பதிலில் எழுதவும் வேண்டாம். "உங்க ஜி.எஸ்.டி. செக் பண்ணினேன்" என்று ஒருவர் எழுதியதைப் பார்த்திருக்கிறேன், போலீஸ் விசாரணை போல இருந்தது.

இதையெல்லாம் மனதில் வைத்துத் திருத்தினால், தேனிக்குப் போகும் பதில் இப்படி அமையும்:

"வணக்கமுங்க. உங்க ஆர்டர் கிடைச்சுது, நன்றி. பெட்ஷீட் 200, துண்டு 300. ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.86,100 ஆகுதுங்க. சரக்கு ரெடியா இருக்குது.

முதல் ஆர்டருக்கு நாங்க யாருக்கும் கடன் வைக்கிறதில்லீங்க. ரெண்டு வழி இருக்குது:

1. முழு ஆர்டர். இப்ப அட்வான்ஸ் ரூ.21,100. மீதி ரூ.65,000 சரக்கு தேனி பார்சல் ஆபீஸ் வந்து சேர்ந்ததும். பணம் ஏறினதும் எடுத்துக்கலாம்.

2. சின்ன ஆர்டர். பெட்ஷீட் 50, துண்டு 100, ரூ.23,100. அட்வான்ஸ் வேண்டாம். சரக்கு வந்ததும் பணம்.

துணியைப் பார்த்துட்டு முடிவு பண்ணணும்னா ஆளுக்கொரு சாம்பிள் பீஸ் இன்னிக்கே கூரியர்ல அனுப்பறேன். கிழிசல், சாயக்கறை, எண்ணிக்கைக் குறைவு இருந்தா 7 நாளுக்குள்ள சொல்லுங்க, மாத்தித் தந்துடறோம். அட்வான்ஸ் போட்டு சரக்கு எடுக்கலீன்னா லாரிச் செலவு மட்டும் பிடிச்சுட்டு மீதியைத் திருப்பிடுவோம்.

லாரி வாடகை உங்களோடது. இந்த ரேட் சனிக்கிழமை வரைக்குமுங்க. 1 அல்லது 2-னு பதில் போட்டாப் போதும்."

முதல் பத்தியில் கடன் பேச்சே இல்லை என்பதைக் கவனிக்கலாம். ஆர்டர் ஏற்கப்பட்டது, தொகை இவ்வளவு, சரக்கு இருக்கிறது. 'நாங்கள் உங்களோடு வியாபாரம் செய்யத் தயார்' என்பது அவருக்கு முதலில் போய்ச் சேர்கிறது. அதன் பிறகு மறுப்பு ஒரே வாக்கியம். அதில் மன்னிப்பு இல்லை, காரணமும் இல்லை. வேலை செய்பவை 'முதல் ஆர்டருக்கு', 'யாருக்கும்' என்ற இரண்டு சொற்கள். முதல் சொல், இது நிரந்தரமில்லை என்கிறது. இரண்டாவது, இது உங்களைப் பற்றிய தீர்ப்பில்லை, கடையின் வழக்கம் என்கிறது.

ஆனால் 'யாருக்கும்' என்பது உண்மையாக இருந்தால்தான் எழுதலாம். ஜவுளிக்காரர்களுக்குள் செய்தி வேகமாக ஓடும். போடியில் இருக்கும் அவர் மைத்துனருக்குப் போன வருஷம் முதல் பில்லையே 20 நாளில் கொடுத்திருந்தால், அந்த ஒரு சொல்லால் பேர் கெட்டுவிடும். அப்படிப்பட்டவர்கள் 'முதல் ஆர்டரை இந்த மாதிரிதான் ஆரம்பிக்கிறது வழக்கமுங்க' என்று எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழியில் அட்வான்ஸ் கேட்காமல் விட்டது தாராளத்தால் இல்லை. ரூ.23,100 சரக்கு திரும்பி வந்தால் போக வர வாடகை மட்டுமே நஷ்டம், அந்தப் போர்வையை மறுநாளே வேறு கடைக்கு விற்றுவிடலாம். ஒரு புது வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்ள அந்தச் செலவு தகும். வழிகளை இரண்டோடு நிறுத்தியதும் யோசித்துத்தான். முழுப்பணம் முன்கூட்டிப் போட்டால் 2 சதவீதம் கழிவு, பாதி போட்டால் 1 சதவீதம், பத்து நாள் செக் என்று ஐந்தாறு வழி எழுதினால், எதிராளி அதைப் பேரம் பேச வந்த அழைப்பாகவே எடுத்துக்கொள்வார்.

சாம்பிளும் 7 நாள் மாற்றும் வாக்கும்தான் முன்பு சொன்ன அவருடைய பயத்துக்கான பதில். பலர் இந்த இரண்டு வரியை விட்டுவிட்டு, "நாங்க 25 வருஷமா தொழில்ல இருக்கோம், நம்பி வாங்கலாம்" என்று எழுதுகிறார்கள். அதையேதான் அவரும் சொல்வார்.

சரக்கு வந்ததும் பணம் என்று எழுதுவது எளிது. நடத்துவதில்தான் சிக்கல் வரும். பார்சல் ஆபீஸில் சரக்கை ஒப்படைக்கும்போது எல்.ஆர். என்ற ரசீது கொடுப்பார்கள். அதில் பெறுபவர் என்ற இடத்தில் தேனிக் கடையின் பெயரைப் போட்டால், அவர் கடைப்பையன் போய்க் கேட்டவுடன் சரக்கைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் வியாபாரிகள் 'செல்ஃப்' என்று, அதாவது பெறுபவரும் அனுப்புபவரே என்று போடுவார்கள். எல்.ஆரின் படத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பணம் வந்த பிறகு ஒரிஜினலையோ, இன்னாருக்குக் கொடுக்கலாம் என்ற கடிதத்தையோ அனுப்புவார்கள். பில்லையும் எல்.ஆரையும் வங்கி மூலம் அனுப்பி, வங்கியில் பணம் கட்டினால்தான் தாள் கைக்கு வரும் என்று வைப்பது இதன் பழைய வடிவம். எதுவானாலும், ஒரிஜினல் இல்லாமல் அந்த ஊர்க் கிளையில் சரக்கைக் கொடுப்பார்களா என்று புக்கிங் செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். பழகிய கடைக்காரர் என்றால் சில கிளைகளில் விட்டுக்கொடுப்பார்கள். பதிலில் 'பார்சல் ஆபீஸ் வந்து சேர்ந்ததும்', 'பணம் ஏறினதும்' என்று பிரித்து எழுதியதன் காரணம் இதுதான். 'டெலிவரிக்கு அப்புறம்' என்று எழுதியிருந்தால், சரக்கை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு மாலையில் போடுகிறேன் என்று அவர் சொல்வதில் தவறே இருக்காது.

பணம் ஏறியது என்பதற்கும் ஒரு அடையாளம் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. நாளைய தேதிக்கு நெஃப்ட் போட்டுவிட்டு அதன் படத்தை இன்று அனுப்ப முடியும். நம் கணக்கில் செக்கைப் போட்டுவிட்டு வங்கிச் சீட்டைப் படமெடுத்தும் அனுப்பலாம், அந்தத் தொகை கணக்கில் தெரிந்தாலும் செக் பாஸாகும் வரை அது நம்முடையதில்லை. கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியை நம்பாமல், வங்கிச் செயலியைத் திறந்து எடுக்கக்கூடிய இருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எல்.ஆர். போக வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி என்பதை நோட்டுக்கட்டு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆளுக்கு ஒரு நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வாங்கியவர் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. வங்கி வழியில் அனுப்புவது அவருக்கும் நல்லது.

அட்வான்ஸ் வந்தவுடன் ஒரு ரசீது கொடுத்துவிடுவது நல்லது. சரக்குக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு அப்போதே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை, 2017 நவம்பரிலிருந்து அப்படித்தான். பில் போடும்போது மொத்தத்துக்கும் கட்டினால் போதும். சாயம் போட்டுக் கொடுப்பது, தைத்துக் கொடுப்பது போன்ற கூலி வேலைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு இது பொருந்தாது, அது சேவைக் கணக்கில் போகும்.

பதில் போன பிறகு தேனியிலிருந்து என்ன வரும்? "மத்தவங்க எல்லாரும் டைம் கொடுக்கிறாங்களேண்ணே" என்பது கட்டாயம் வரும். அந்த மற்றவர்களைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "கொடுப்பாங்கண்ணா, பழகினவங்க. நம்மளும் பழகினதுக்கப்புறம் பேசுவோம். இப்ப 2-ஆவது வழியில 23,100-க்கு ஆரம்பிக்கலாமுங்களா?" என்று கேட்டால் பேச்சு மறுபடி எண்ணுக்கு வந்துவிடும். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், நம்பிக்கை உண்டு இல்லை என்று வாதம் பண்ணாமல், "இது எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க" என்று நிறுத்திவிடலாம். "சரி, செக் வச்சுக்கங்க" என்பவர்களும் உண்டு. செக் திரும்பினால் வழக்குப் போடலாம் என்பது உண்மை. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் பொறுத்து, அதன் பிறகு கோர்ட்டுக்குப் போக வேண்டும். சரக்கு போனது போனதுதான். முதல் ஆர்டருக்குத் தேதி போட்ட செக் வாங்குவதும் கடன் கொடுப்பதும் ஒன்றே.

இறங்கி வரும் கோரிக்கை ஒன்று இருக்கிறது, அதுதான் ஏமாற்றிவிடும். 30 நாள் கேட்டவர் "சரிண்ணே, ஒரு வாரம் மட்டும்" என்பார். விட்டுக்கொடுத்த மாதிரித் தெரியும். ஒரு வாரம் என்றாலும் சரக்கு கையை விட்டுப் போய்விட்டது. இதற்கு அட்வான்ஸைக் குறைத்துக் கொடுக்கலாமே தவிர நாளைக் கூட்டக் கூடாது. ரூ.21,100-க்குப் பதில் ரூ.15,000 வாங்கிக்கொண்டாலும் லாரிச் செலவு மூடிவிடுகிறது.

பதில்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு வாக்கியம் "மூணு பில் கேஷ்ல எடுங்க, நாலாவதிலிருந்து கடன் தர்றோம்." கேட்க இனிமையாக இருக்கும், எழுத வேண்டாம். சரக்கை வாங்கி ஓடிப்போகும் கூட்டம் இதே வழியில்தான் வரும். இருபதாயிரம், முப்பதாயிரம் என்று மூன்று பில்லுக்குச் சொன்ன நேரத்தில் பணம் போடுவார்கள். நான்காவது ஆர்டர் தீபாவளிக்கு முன்னால் ஐந்து லட்சத்துக்கு வரும், கடனில். வாக்குக் கொடுத்துவிட்டதால் மறுக்கவும் முடியாது. ஆர்டர் திடீரென்று பல மடங்கு ஏறுவது, விலையைப் பற்றிப் பேரமே பேசாதது, எந்த டிசைனாக இருந்தாலும் பரவாயில்லை என்பது, பழைய முகவரியை விட்டு வேறு குடோனுக்கு அனுப்பச் சொல்வது ஆகியவை அதன் அறிகுறிகள். விற்கப் போகிற கடைக்காரர் டிசைனைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க மாட்டார்.

ஆகவே பின்னாளைக்குப் பேசினால் "ரெண்டு மூணு ஆர்டர் போகட்டுமுங்க, அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்" என்ற அளவில் நிறுத்தலாம். அந்த நாள் வந்தால் அப்போதும் நாளை மட்டும் பேசாமல் தொகைக்கு ஒரு எல்லை வைக்க வேண்டும்: "பாக்கி எப்பவும் 30 ஆயிரத்துக்கு மேல நிக்கக் கூடாதுங்க. பில் தேதியிலிருந்து 15 நாள். பழசு முடிஞ்சாத்தான் அடுத்த லோடு." தேனிக்காரர் சராசரியாக எடுக்கும் ஒரு பில்லின் பாதியை அந்த எல்லையாக வைத்துக்கொண்டு, மீதியை வழக்கம்போல சரக்கு இறங்கும்போதே வாங்கிவிடலாம்.

பதிலே வராமல் போனால்? இரண்டு நாள் விட்டு, சனிக்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு வரி: "நாளையோட ரேட் முடியுதுங்க, சரக்கை வேற கடைக்குத் தரலாமுங்களா?" இதற்கும் பதில் இல்லையென்றால் அந்த 200 பெட்ஷீட்டை அடுத்த கடைக்குக் கட்டிவிடலாம்.